எதிர் வீட்டு அக்காவுக்கு ஒரு மெசேஜ் எழுதணும் (நாய் குரைப்பு விஷயம்)

இரவுப்பணி_மடிப்பாக்கம் | ஞாயிறு மாலை 5.10

வணக்கம். எனக்கு ஒரு வாட்ஸ்அப் மெசேஜைத் திருத்தித் தர வேண்டும். சண்டை போட யோசனை வேண்டாம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எட்டு வீடுகள் உள்ள சின்ன அடுக்ககம், நான் இரண்டாவது மாடி. எதிர் வீட்டில் ஒரு அக்கா தனியாக இருக்கிறார், வங்கியில் வேலை. நல்ல மனுஷி. ஒரு மழைக்கு மூன்று நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது எங்கள் மாடி மொத்தத்துக்கும் அவர் வீட்டு இன்வெர்ட்டரில்தான் போன் சார்ஜ். மூன்று மாதம் முன்பு ஒரு நாட்டு நாயைத் தத்தெடுத்தார். இரண்டு வயசுப் பெண் நாய், பெயர் புஜ்ஜி. என்னைப் பார்த்தால் வாலாட்டிக்கொண்டு வரும்.

நான் காலை ஏழரைக்கு வேலை முடிந்து வந்து எட்டரைக்குப் படுப்பேன். ஒன்பதரைக்கு அக்கா ஸ்கூட்டர் கிளம்பும். அவ்வளவுதான், புஜ்ஜி ஆரம்பித்துவிடும். சாயங்காலம் வரை நிற்பதில்லை. இப்படி எழுதி வைத்திருக்கிறேன்:

"மேடம், உங்கள் நாய் தினமும் காலை முதல் மாலை வரை விடாமல் குரைக்கிறது. குடியிருக்கும் அனைவருக்கும் இடையூறாக உள்ளது. தயவுசெய்து நாயைக் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளவும். இல்லையென்றால் அசோசியேஷனில் பேச வேண்டியிருக்கும்."

மூன்று நாளாக டிராஃப்டில் கிடக்கிறது. அனுப்ப விரல் வரவில்லை.

செகரட்டரி_சார் | ஞாயிறு மாலை 5.42

பத்து வருஷமாக எங்கள் குடியிருப்பில் செயலாளராக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். மெசேஜெல்லாம் வீண் வேலை. ஒலி மாசு விதிகள் 2000-இல் வந்தவை. குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல்தான், இரவு என்றால் 10 மணி முதல் காலை 6 வரை. உங்கள் பிரச்சினை பகலில் என்பதால் அதில் வராது. ஆனால் அசோசியேஷன் கூட்டம் போட்டு, மெஜாரிட்டியில் நாய் வளர்க்கக் கூடாது என்று தீர்மானம் நிறைவேற்றிவிடலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

ரேவதி_திருவான்மியூர் | ஞாயிறு மாலை 6.15

செகரட்டரி சார், பாதி சரி. இரவு நேரமும் 45-ம் நீங்கள் சொன்னதுதான். ஆனால் பகலுக்கும் வரம்பு இருக்கிறது, 55 டெசிபல். தீர்மானம் என்று சொன்னீர்களே, அதுதான் தப்பு. விலங்கு நல வாரியம் 2015-இல் குடியிருப்புச் சங்கங்களுக்கு வழிகாட்டுதல் அனுப்பியது. மெஜாரிட்டி வாக்கெடுப்பு நடத்தினாலும் செல்லப்பிராணிக்குத் தடை போட முடியாது, குரைக்கிறது என்பதைத் தடைக்குக் காரணமாகவும் காட்ட முடியாது என்று அதிலேயே இருக்கிறது. அதே காகிதத்தில், அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு வராமல் பார்த்துக்கொள்வது வளர்ப்பவர் பொறுப்பு என்றும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்கணும்.

கேள்வி கேட்டவருக்கு: நானும் நாய் வளர்ப்பவள். போன வருஷம் எனக்கும் இப்படி ஒரு மெசேஜ் வந்தது. எனக்குத் தனியாக அல்ல, அறுபத்து நாலு பேர் இருக்கும் குடியிருப்பு குரூப்பில். "சிலர் வீட்டு நாய்" என்று பெயர் போடாமல். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. மறுநாள் லிப்டில் ஒருத்தர் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. எனக்கு நிஜமாகவே அது குரைப்பது தெரியாது! நான் வீட்டில் இருந்தால் அது சோபாவுக்கு அடியில் தூங்கும். நான் போன பிறகு என்ன நடக்கிறதென்று எனக்கு யார் சொன்னார்கள்?

உங்கள் அக்காவுக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன். "கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளவும்" என்று படித்தால், அவர் வீட்டில் சுருண்டு படுத்திருக்கும் நாயைப் பார்த்து "இவனுக்கு என்ன வந்தது" என்றுதான் நினைப்பார்.

கன்னி_வளர்ப்பு_கோவில்பட்டி | ஞாயிறு இரவு 9.03

ரேவதி சொன்னது முக்கியம். மெசேஜை இப்போதைக்கு ஓரமாக வையுங்க தம்பி. முதலில் அது என்ன குரைப்பு என்று பார்ப்போம். நான் கன்னி, சிப்பிப்பாறை இன நாய்கள் வளர்த்தவன். இப்போது தாம்பரம் பக்கம், வெளியூர் போகிறவர்களின் நாய்களைப் பார்த்துக்கொள்கிறேன். வீட்டுக்காரர் கிளம்பியதும் அழுகிற நாயை வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிறேன்.

மூன்று விஷயம் கவனியுங்க. ஒன்று, ஸ்கூட்டர் சத்தம் போனதிலிருந்து எத்தனை நிமிஷத்தில் ஆரம்பிக்கிறது? தனியாக இருக்கப் பயப்படுகிற நாய் அநேகமாக முதல் அரைமணிக்குள்ளேயே ஆரம்பித்துவிடும், பல நேரம் சில நிமிஷத்திலேயே. இரண்டு, சத்தம் எப்படி? வாசலில் ஆள் வந்தால் குரைக்கிற நாய் நாலைந்து தடவை கனமாகக் குரைத்துவிட்டு நிறுத்தும், காது கொடுக்கும், மறுபடி குரைக்கும். தனிமைக்கு அழுகிற நாயின் சத்தம் மேலே ஏறும், ஒரே தாளத்தில் வரும், நடுவில் ஊளை கலக்கும், கதவைப் பிறாண்டுவதும் கேட்கலாம். மூன்று, சத்தம் எங்கிருந்து வருகிறது? பால்கனியிலிருந்தா, வாசல் கதவுக்குப் பின்னாலிருந்தா?

ஒரு நோட்டில் ஆறு நாள் எழுதுங்க. ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம், அந்த நேரத்தில் வெளியே என்ன நடந்தது. போனில் ஒரு நிமிஷம் ரெக்கார்டும் செய்யுங்க. ஒரு நிமிஷம் போதும், அரைமணி நேரக் கச்சேரி வேண்டாம்.

பாளை_வீரமணி | திங்கள் காலை 7.20

எங்க ஊர்ப் பிரச்சினையும் இதேதான். பக்கத்துக் காட்டுக்காரர் ராஜபாளையம் ஒன்னு வச்சிருக்கார். ராத்திரி அவுத்து விடுறார். போன வாரம் செவுரைத் தாண்டி வந்து மூணு கோழியை அடிச்சுப் போட்டுருச்சு, அதுல ஒன்னு அடைக்கு உட்கார்ந்தது. கேட்டா "ஏலே, நாய்னா அப்படித்தான்"ங்கிறார். கோழிக் காசு யார் தருவா?

செகரட்டரி_சார் | திங்கள் காலை 7.51

வீரமணி, உங்கள் விஷயத்தில் சட்டம் நேராகவே இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதா 291, பழைய இ.பி.கோ. 289. விலங்கால் மனுஷருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போலீஸுக்குப் போங்கள்.

ரேவதி_திருவான்மியூர் | திங்கள் காலை 8.05

சார், அது மனுஷ உயிருக்கு ஆபத்து, பலத்த காயம் வரலாம் என்ற இடத்துக்கு. கோழிக்கு அந்தப் பிரிவு நேராகப் பொருந்துமா என்று எனக்குச் சந்தேகம்.

கன்னி_வளர்ப்பு_கோவில்பட்டி | திங்கள் காலை 10.30

வீரமணி அண்ணாச்சி, உங்க கேள்வி வேற, ஆனாலும் சொல்றேன். அது வேட்டைக்கு வந்த இனம். ஓடுகிற கோழி அதன் கண்ணில் பட்டால் அடிக்கும், அதுக்கு அடி போட்டுத் திருத்த முடியாது. ஒரு தடவை ருசி கண்டுட்டா திரும்ப வரும். அவரிடம் "நாயை அடக்கு"ன்னு சொல்லாம "எத்தனை மணிக்கு அவுக்கிறீக, எத்தனை மணிக்குக் கட்டுறீக"ன்னு கேளுங்க. நேரத்தைக் கறாரா வாங்கிட்டா நீங்களும் கோழியை அந்த நேரத்துக்குள்ள அடைச்சுரலாம். செவுத்துக்கு மேல கம்பி வலை போடுற செலவைப் பாதி அவர் ஏத்துக்கட்டும். செத்த கோழி காசை முதல் பேச்சுலயே எடுக்காதீங்க, வலை பேசி முடிச்சதும் தன்னால வரும். வராமலும் போகலாம்.

குரோம்பேட்டை_கண்ணன் | செவ்வாய் இரவு 11.15

எதுக்கு இவ்வளவு? ஆன்லைனில் அல்ட்ராசோனிக் பெட்டி விற்கிறான். நாய் குரைத்தால் அதுக்கு மட்டும் கேட்கிற சத்தம் போடும். பால்கனியில் மாட்டுங்கள், யாரிடமும் பேசவே வேண்டாம்.

கன்னி_வளர்ப்பு_கோவில்பட்டி | புதன் காலை 6.40

பயத்தில் அழுகிற நாய்க்கு இன்னொரு பயத்தைக் கொடுக்கிறதா? தனியாக இருந்தால் காது வலிக்கும் என்றும் சேர்த்துக் கற்றுக்கொள்ளும். அந்தப் பெட்டிக்கு எந்த நாய் குரைத்தது என்றும் தெரியாது, தெருவில் போகிற நாய்க்கும் சேர்த்துத்தான் கத்தும். வேண்டாம்.

இரவுப்பணி_மடிப்பாக்கம் | சனி மதியம் 1.20

நோட்டு போட்டுவிட்டேன். எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

திங்கள் 9.34-க்கு ஸ்கூட்டர் கிளம்பியது, 9.38-க்கு ஆரம்பம், 10.10-க்கு நின்றது. அந்த முப்பத்திரண்டு நிமிஷமும் வாசல் கதவுக்குப் பின்னாலிருந்துதான், நடுநடுவே ஊளை. பிறாண்டுவதும் கேட்டது. அப்புறம் அமைதி. 11.40-க்குக் கொரியர் பையன், ஒரு நிமிஷம் குரைத்தது. 12.15-க்கு எங்கள் பால்கனி கட்டையில் காக்கா, இரண்டு நிமிஷம். 3.50-க்கு ஸ்கூல் வேன், பால்கனியிலிருந்து பத்து நிமிஷம். ஐந்து நாளும் ஏறக்குறைய இதே கணக்கு. கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய முக்கால் மணி நேரம். "காலை முதல் மாலை வரை" என்று நான் எழுதியது பொய். தூக்கம் கலைந்து திரும்ப வராததால் நாள் முழுக்கக் குரைத்த மாதிரி எனக்குத் தோன்றியிருக்கிறது.

இன்று இரண்டாவது சனி, வங்கி விடுமுறை. அக்கா வீட்டில். ஒன்பதரைக்கு ஒரு சத்தமும் இல்லை. கொரியர் வந்தபோது இரண்டு தடவை குரைத்தது, "புஜ்ஜி, உள்ளே வா" என்று அக்கா குரல் கேட்டது, நின்றுவிட்டது.

கன்னி_வளர்ப்பு_கோவில்பட்டி | சனி மதியம் 2.05

அருமையான வேலை. இரண்டு குரைப்பு இருக்கு பாருங்க. காலையில் வருவது தனிமைப் பயம். நாலு மணிக்கு வருவது பால்கனி வழியாகத் தெருவைப் பார்ப்பதால். இரண்டாவது லேசு. பால்கனிக் கதவைச் சாத்தினாலோ, கிரில்லில் நாய் நிற்கிற உயரத்துக்குப் பச்சை வலையோ பாயோ கட்டினாலோ பெரும்பாலும் குறையும். முதலாவதுக்கு நாளாகும். "சும்மா விட்டால் பழகிடும்" என்று யாராவது சொல்வார்கள். கவனம் கேட்டுக் குரைக்கிற நாய்க்கு அது சரி, பயந்த நாய்க்கு ஆகாது.

மெசேஜில் இரண்டாவதை மட்டும் கேளுங்க. முதலாவதை அவரிடம் தகவலாகச் சொல்லுங்க.

ரேவதி_திருவான்மியூர் | சனி மதியம் 2.40

நான் ஒன்று எழுதிப் பார்த்தேன். வாங்கினவள் என்ற தகுதியில்:

"அக்கா, வணக்கம். எதிர் வீட்டுத் தம்பி. புஜ்ஜி பற்றி ஒரு விஷயம், நீங்கள் வீட்டில் இல்லாத நேரம் நடப்பதால் உங்களுக்குத் தெரிந்திருக்காது என்று சொல்கிறேன். நீங்கள் கிளம்பிய நாலைந்து நிமிஷத்தில் வாசல் கதவுகிட்ட வந்து அழ ஆரம்பிக்கிறது, பத்தேகால் வரை. பயந்து அழுகிற மாதிரி இருக்கிறது. நான் நைட் ஷிப்ட் முடிந்து தூங்குகிற நேரம் என்பதால் கேட்கிறது. சாயங்காலம் ஸ்கூல் வேன் வரும்போது பால்கனியிலிருந்தும் கொஞ்ச நேரம் குரைக்கும். போகும்போது பால்கனிக் கதவை மட்டும் சாத்திவிட்டுப் போனால் எனக்குப் பெரிய உதவி. காலை விஷயத்தை எப்படிச் செய்யலாம் என்று நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். ஒரு நிமிஷ ரெக்கார்டிங் இருக்கிறது, வேண்டுமென்றால் அனுப்புகிறேன்."

"அனைவருக்கும்" வேண்டாம், உங்களுக்கு மட்டும் என்று எழுதுங்கள். ஊரே கூடிப் பேசியிருக்கிறது என்று தெரிந்தால் மனசு ஒடிந்துவிடும். அசோசியேஷன் என்ற வார்த்தையே வரக்கூடாது. ரெக்கார்டிங்கைக் கேட்காமல் அனுப்பாதீர்கள், சாட்சி சேர்த்த மாதிரி இருக்கும்.

செகரட்டரி_சார் | சனி மாலை 4.00

எனக்கு இது ரொம்ப வழவழ என்று படுகிறது. நேரில் கதவைத் தட்டி இரண்டு வார்த்தை பேசினால் முடிந்தது. எங்கள் காலத்தில் நாலு கொய்யாப்பழத்தோடு போய்ப் பேசுவோம்.

ரேவதி_திருவான்மியூர் | சனி மாலை 4.18

சார், தனியாக இருக்கிற பெண் வீட்டுக் கதவை ஆண் தட்டிப் புகார் சொன்னால் அவருக்கு யோசிக்க நேரம் கிடைக்காது. முகத்துக்கு நேரே சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அழுவார். மெசேஜ் என்றால் படித்து, ஆறி, பதில் போடலாம். கொய்யாப்பழம் அப்புறம் கொடுக்கலாம்.

செகரட்டரி_சார் | சனி மாலை 4.25

நான் ஏற்கவில்லை. எழுத்தில் வந்தால் கோபம் என்றுதான் படிக்கத் தோன்றும். சரி, அவர் விருப்பம்.

இரவுப்பணி_மடிப்பாக்கம் | சனி மாலை 6.50

ரேவதி மேடம் எழுதியதை என் நடைக்கு மாற்றி இப்போதுதான் அனுப்பினேன். இன்றைக்கு ஷிப்ட் இல்லை, அவருக்கும் லீவு. குரைத்து முடித்த சூட்டில் அனுப்பக்கூடாது என்று நானே முடிவு செய்தேன். ஒரு டிக்தான் விழுந்திருக்கிறது.

இரவுப்பணி_மடிப்பாக்கம் | சனி இரவு 9.30

பதில் வந்தது. முதலில் "ஐயோ சாரிப்பா". அப்புறம் ரெக்கார்டிங் கேட்டார், அனுப்பினேன். பத்து நிமிஷம் எதுவும் இல்லை. பிறகு ஒரு வாய்ஸ் நோட், குரல் தழுதழுத்திருந்தது: "தினமும் தயிர்சாதம் வைத்துவிட்டுப் போறேன்ப்பா, வந்து பார்த்தால் அப்படியே இருக்கும். நான் திரும்பி உள்ளே வந்ததும்தான் சாப்பிடும். வெயில் சூடு ஆகாததால சாப்பிடலைன்னு நினைச்சேன்."

கன்னி_வளர்ப்பு_கோவில்பட்டி | சனி இரவு 10.12

அதுதான் அடையாளம்! எல்லாரும் சாப்பாடு வைத்த பொம்மையைக் கொடு, தயிர்சாதத்தை உறைய வைத்துக் கொடு, நாய் அதை நக்கிக்கொண்டு இருக்கும் என்பார்கள். சலிப்பில் குரைக்கிற நாய்க்கு அது நல்ல வழி. பயத்தில் இருக்கிற நாய் வாயில் வைக்காது. அக்காவிடம் இதைச் சொல்லுங்க:

புஜ்ஜிக்கு ஸ்கூட்டர் சாவி, ஹெல்மெட், செருப்பு, இந்த மூன்றும் சேர்ந்தாலே பயம் ஆரம்பிக்கும். சாயங்காலம் ஹெல்மெட்டைக் கையில் எடுத்துவிட்டு உட்கார்ந்து டிவி பார்க்கட்டும். பத்து தடவை, போகாமலே. ஹெல்மெட் எடுத்தால் நாய் தலையைத் தூக்காத நிலை வந்ததும் கதவுக்கு வெளியே போய் ஐந்து விநாடியில் திரும்பி வரட்டும். அப்புறம் பதினைந்து, முப்பது. அழ ஆரம்பிப்பதற்குள் திரும்ப வேண்டும், அதுதான் ரகசியம். அழுதுவிட்டால் நேரத்தைக் குறைத்துக்கொள்ளணும். வரும்போது "செல்லமே" என்று தூக்கிக் கொஞ்ச வேண்டாம், சாதாரணமாக வரட்டும்.

சங்கடம் என்னவென்றால், சாயங்காலம் பழக்கி, காலையில் எட்டு மணி நேரம் தனியாக விட்டால் கட்டினது இடியும். அதனால் இரண்டு மூன்று வாரத்துக்காவது பகலில் அம்மா வீடோ, தெரிந்தவரோ கூட இருப்பது நல்லது. சில நாய்க்கு மாதக் கணக்கில் ஆகும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு தடவை காட்டச் சொல்லுங்க. வலி ஏதாவது இருந்தாலும் இப்படி அழும். ரொம்ப மோசமாக இருந்தால் மருந்தும் அவர்கள்தான் தரணும், நாமாக ஒன்றும் கொடுக்கக் கூடாது.

பாளை_வீரமணி | ஞாயிறு காலை 6.15

கம்பி வலைக்குப் பேசிட்டேன். பாதி தரேன்னார். கோழிக்கு அஞ்சு காசு தரலை. நாயை இனி பத்து மணிக்கு மேலதான் அவுப்பாராம்.

இரவுப்பணி_மடிப்பாக்கம் | மூன்று வாரம் கழித்து, வெள்ளி மதியம் 2.00

நிலவரம் சொல்கிறேன். அக்கா இரண்டு வாரம் தன் அம்மாவைப் பெரம்பூரிலிருந்து வரவழைத்துவிட்டார். பழைய போன் ஒன்றை ஷெல்பில் வைத்து வீடியோ எடுத்துப் பார்த்திருக்கிறார். சாயங்காலம் ஆனால் மாடிப்படியில் அக்கா ஹெல்மெட்டோடு இறங்கி ஏறிக்கொண்டே இருப்பார், பார்க்கச் சிரிப்பாக வரும். போன வாரம் வரை ஆறு நிமிஷம் தாங்குகிறதாம். இந்தத் திங்கள் அம்மா ஊருக்குப் போனார். காலையில் மறுபடி அழுதது, பதினெட்டு நிமிஷம். முன்பு முப்பத்திரண்டு. நேற்று பதினாலு.

பால்கனியில் பச்சை வலை கட்டியாகிவிட்டது. வேன் பிரச்சினை போய்விட்டது என்றுதான் சொல்லணும். ஆனால் இப்போது புஜ்ஜி வேனைச் சத்தத்திலேயே கண்டுபிடித்துக் குரைக்கிறது, இரண்டு நிமிஷம்.

கன்னி_வளர்ப்பு_கோவில்பட்டி | வெள்ளி மாலை 3.40

பதினெட்டு நிமிஷம் அழவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை, அம்மா இன்னும் ஒரு வாரம் இருந்திருக்கலாம். ஆனால் எல்லாருக்கும் அப்படி ஆள் கிடைக்காது. நோட்டை நிறுத்தாதீங்க. எண் ஏற ஆரம்பித்தால் வேப்பேரிக்குப் போகச் சொல்லுங்க.

செகரட்டரி_சார் | வெள்ளி மாலை 5.05

கொய்யாப்பழம் கொடுத்தீர்களா இல்லையா?

இரவுப்பணி_மடிப்பாக்கம் | வெள்ளி மாலை 5.30

அவர்தான் கொடுத்தார் சார். அம்மா பெரம்பூரிலிருந்து கொண்டுவந்த முறுக்கு, ஒரு டப்பா. கூடவே தூங்கும்போது காதில் வைக்கிற பஞ்சு இரண்டு ஜோடி, "இது முடியற வரைக்கும் வெச்சுக்கோப்பா" என்று.